அறிவிப்பு வந்த அன்றைக்கு ஆள் எடுக்க மாட்டார்கள்

நேற்று நம்ம திருவொற்றியூர் குரூப்பில் நடந்ததைப் பார்த்தீர்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் புது கெமிக்கல் ஆலை வருகிறது, 4,000 பேருக்கு வேலை என்று ஒரு பேப்பர் கட்டிங். அதை நம்பி நம்ம பையன் ஒருவன் ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டான். "தம்பி, இருக்கிற வேலையை இப்போதே விடாதே" என்று ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கு எனக்கு வயிற்றெரிச்சலாம், நம்ம பையன்கள் முன்னேறினால் பொறுக்காதாம். அந்தப் பையனை மணலியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

கட்டிங்கை நிதானமாகப் படியுங்கள். "புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது" என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே அநேகமாக இன்னும் செங்கல்கூட இறங்கியிருக்காது. 4,000 என்பதும் முதல் நாள் கணக்கு இல்லை. பல கட்டமாகப் பல வருடங்களில் வருவதைச் சேர்த்துச் சொல்வார்கள், மறைமுக வேலையும் அதில் இருக்கும். 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் சொன்ன 26.9 லட்சம் வேலைகளில் 12 லட்சத்துக்கு மேல் மறைமுக வேலைதான்.

நான் பட்டதால் சொல்கிறேன். 2015-ல் எண்ணூரில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தேன். ஒரு கெமிக்கல் ஆலை வருகிறது என்று இதே மாதிரி செய்தி. வேலையை விட்டுவிட்டு பயோடேட்டாவோடு போய் நின்றேன். அங்கே ஒரு பெயர்ப் பலகையும் வேலிகாத்தான் முள்ளும்தான் இருந்தன. ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது, இன்றுவரை திரும்பவில்லை.

அந்த ஆலைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே மறு வருடம்தான் நடந்தது. அப்புறம் சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, அதற்குப் பிறகு கட்டடம். கட்டட வேலைக்கு காண்ட்ராக்டர் தன் ஆட்களோடு வந்துவிட்டார். 2018-ல் ஒரு ராத்திரி, பொன்னேரி ரோட்டில் நீளமான டிரெய்லரில் பாய்லர் போனதைப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் யார்டும் அதே சமயத்தில் எழும்பியது. அதுதான் நேரம், எனக்குத் தெரியவில்லை. உற்பத்தி தொடங்க ஆறேழு மாதம் இருக்கும்போதே ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களை எடுத்துவிட்டார்கள். மெஷின் பொருத்தும்போது கூட நின்று பார்த்தவனால்தானே பிறகு அதைச் சரிசெய்ய முடியும்? ஆபரேட்டர்களை சோதனை ஓட்டத்துக்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்தார்கள். நான் போனது அந்தக் கடைசி வரிசையில். ஃபிட்டர் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். முதலில் மூன்று வருடம் முந்தினேன், அப்புறம் கோபத்தில் அந்தப் பக்கமே பார்க்காமல் மூன்று மாதம் பிந்தினேன்.

"முதலில் போனவனுக்குத்தானே முதல் இடம்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். யாரிடம் போவது அண்ணே? பயோடேட்டா வாங்க அங்கே ஆபீஸே இல்லை. இப்போது வரும் ஆலைக்கு மனிதவள மேலாளர், பாதுகாப்பு அதிகாரி என்று விளம்பரம் வந்தால் உள்ளே அசைவு இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை வேறு இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே கவனிக்கலாம்.

"எல்லா ஆலைக்கும் மூன்று வருடம் ஆகாது" என்று ஒரு தங்கை எழுதியது சரிதான். கட்டி வைத்த ஷெட்டை வாடகைக்கு எடுத்து அசெம்பிளி போடுகிறவர்கள் சில மாதத்திலேயே ஆள் எடுப்பார்கள். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படாத ஆலைகளும் நிறைய. ஆனால் நேற்று வந்தது கெமிக்கல் ஆலை. இந்த வகைக்கு parivesh.nic.in தளத்தில் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். அதோடு இருக்கும் அறிக்கையில் கட்டும்போது எத்தனை பேர், ஓடும்போது எத்தனை பேர் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதுவும் திட்டக் கணக்குதான், ஆனாலும் பேப்பர் தலைப்பைவிட நம்பலாம்.

இதைச் சொன்னால் எதிர்மறையாகப் பேசுகிறேனாம். புகையையும் சாம்பலையும் சுவாசிப்பது நாம், கத்திவாக்கத்தில் வீட்டு மாடியில் துணி காயப்போட முடியவில்லை. வேலை என்று வரும்போது மட்டும் வெளியூர் காண்ட்ராக்டர் பஸ்ஸில் ஆள் கொண்டுவந்து இறக்குகிறார். கேட்டால் "உள்ளூர் ஆட்களுக்கு அனுபவம் இல்லை" என்கிறார்கள். மணலியில் நம்ம பையன் வாங்கியிருக்கிற ஒன்றரை வருட பம்ப் அனுபவம்தான் அந்த அனுபவம். அதைப் பாதியில் விடாதே என்று சொன்னது தப்பா? இருபது பேர் சேர்ந்து திட்டினீர்கள், ஒருவராவது அவனுடைய வீட்டு வாடகையைக் கேட்டீர்களா?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ராஜினாமாக் கடிதம் இன்னும் சூப்பர்வைசர் மேஜையில்தான் இருக்கிறது, மேலே போகவில்லை. அவரிடம் நான் பேசிவிட்டேன். திங்கள்கிழமை முதல் ஷிஃப்டுக்கு முன்னால் போய் வாங்கிக்கொள்.