விளிப்புக்குத் தனி நிரல்

"பாக்கி நினைவூட்டலை டெம்ப்ளேட்டில் அனுப்பினால் வங்கிக் கடிதம் மாதிரி இருக்காதா?"

வெள்ளவத்தையில் எங்கள் கடையில் பாக்கி நினைவூட்டலை எக்செல் பட்டியலிலிருந்து வேர்ட் மெயில் மேர்ஜில்தான் அனுப்புகிறோம். பில்லில் உள்ள முழுப்பெயரை அப்படியே போட்டால் அந்நியமாகத்தான் இருக்கும். அதனால் எக்செல் பட்டியலில் விளிப்புக்குத் தனி நிரல்: ஒருவர் 'ஐயா', இன்னொருவர் 'அண்ணை'. அப்புறம் கையால் எழுதும் ஒரு வரிக்கு இன்னொரு நிரல்: "போன கிழமை மாற்றித் தந்த பம்பு ஒழுங்காக ஓடுகிறதா?" அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பவர்களை மேர்ஜ் பட்டியலிலேயே வடிகட்டிவிடுகிறோம், அவர்களுக்குப் போன்தான்.

திகதிதான் தொல்லை. எக்செலில் 05/06/2025 என்று தெரியும் ஜூன் 5, வேர்டில் 6/5/2025 ஆக வரும். வாங்குபவர் மே 6 என்று நினைப்பார். `Alt+F9` அழுத்தி, திகதி ஃபீல்டுக்குள் இதைச் சேர்த்தால் சரி:

```
\@ "dd/MM/yyyy"
```