21 நகரம், ஒரு சட்டம், பேச்சாளரிடம் கேட்க நாலைந்து கேள்வி

எங்கள் பகுதிக் கல்லூரியில் சுற்றுச்சூழல் துறையினர் தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றி ஒரு உரை வைத்திருக்கிறார்கள். உரை முடிந்ததும் கேள்வி நேரம். மாணவர்கள் சிலர் என்ன கேட்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். வழக்கமாக வரும் கேள்விகள் தெரியும்: “நாம் ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும்?”, “அரசு ஏன் தூங்குகிறது?” இரண்டுக்கும் என்ன பதில் வரும் என்பது உரைக்கு முன்பே தெரியும். அதற்குப் பதிலாக, தண்ணீர் பற்றிய பேச்சில் எல்லோரும் சொல்லிக்கொண்டே போகிற சில கூற்றுகளை எடுத்து, அவற்றுக்கு அடியில் என்ன அளவீடு இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்ததை இங்கேயும் போடுகிறேன். சென்னையையே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்தக் கூற்றுகள் அதிகம் சுற்றுவது அந்த ஊரை வைத்துத்தான்.

முதலில் அந்த 21 நகரம். 2018 ஜூனில் நிதி ஆயோக் ஒரு நீர் மேலாண்மை அறிக்கை வெளியிட்டது. 2020க்குள் டெல்லி, பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் உள்பட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும், 10 கோடிப் பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அதில் ஒரு வரி. அடுத்த வருடம் சென்னையில் ஏரிகள் வறண்டபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த வரியைத்தான் எடுத்துப் போட்டன. 2019இல் வாஷிங்டன் போஸ்ட் அதன் வேரைத் தேடிப் போனது. அறிக்கை காட்டிய மூலங்களில் அப்படி ஒரு ஆய்வு முடிவு கிடைக்கவில்லை. கடைசியில் போய் நின்ற இடம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2013 மதிப்பீடு. அதில் இருந்தது வேறு விஷயம்.

அந்த வாரியம் சொல்வது ஒரு விகிதம். ஒரு பகுதியில் ஒரு வருடத்தில் எவ்வளவு நீர் கீழே ஊறுகிறது, அதே வருடத்தில் எவ்வளவு எடுக்கிறோம், எடுப்பதை ஊறுவதால் வகுத்தால் வரும் சதவீதம். 70க்குள் இருந்தால் பாதுகாப்பான பகுதி. 100ஐத் தாண்டினால் ‘அதிகமாக உறிஞ்சப்பட்டது’. மாதம் 40 ஆயிரம் சம்பளம் வாங்கி 46 ஆயிரம் செலவு செய்கிறவர் எப்போது கையில் காசில்லாமல் நிற்பார் என்று சொல்ல, வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டும் இல்லையா? விகிதத்தில் அந்த இருப்பு கிடையாது. பஞ்சாப் இதற்கு நல்ல உதாரணம். அங்கே இந்த விகிதம் பல வருடங்களாக 150ஐத் தாண்டியே இருக்கிறது. இன்னும் நெல் விளைகிறது. ஆனால் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, மோட்டார் பெரிதாகிறது, மின்சாரம் கூடுகிறது. நிலத்தடி நீர் ‘தீர்வது’ இப்படித்தான். ஒரு தேதியில் குழாய் நின்றுவிடுவது போல் இல்லை. முதலில் ஆழம் குறைந்த கிணறு வைத்திருக்கிற ஏழை வீட்டுக்குத் தீரும், கடைசியில் ஆயிரம் அடி போர் போட முடிகிறவருக்கு.

ஆகவே முதல் கேள்வி: “ஐயா, நீங்கள் காட்டும் எண் வருட வரவு செலவா, மொத்த இருப்பா?” பேச்சாளர் பதில் சொல்லிவிட்டால் பின்னாலேயே இன்னொன்று: “அதில் எடுப்பு என்று இருக்கிற பகுதி மீட்டர் வைத்து அளந்ததா?” பெரும்பாலும் இல்லை. விவசாயத்துக்கு, கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு கிணறு சராசரியாக எடுக்கும் அளவால் பெருக்குகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு, மக்கள்தொகையையும் தலைக்கு இத்தனை லிட்டர் தேவை என்பதையும் வைத்து ஒரு கணக்கு. சென்னையில் எத்தனை வீட்டுப் போர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று யாரும் அளப்பதில்லை. மதிப்பீடு தவறு என்று சொல்ல வரவில்லை. மதிப்பீட்டை வைத்துக்கொண்டு தீர்ந்துபோகும் வருடத்தைக் குறிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். 2020 வந்தது, போனது. இனி வாரியம் உண்மையான எச்சரிக்கை ஒன்றை விட்டாலும், “போன தடவையும் இப்படித்தான் சொன்னீர்கள்” என்று சொல்ல ஆள் இருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பிரித்துவிடலாம். 2019இல் சென்னையில் வறண்டது ஏரிகள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்த்து 11 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல் கொள்ளளவு. அந்த ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த மாதங்களில் ஊரைக் காப்பாற்றியதில் சுற்று வட்டாரக் கிராமங்களின் நிலத்தடி நீருக்கும் பங்கு உண்டு, லாரி லாரியாக. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர்தான் டிவியில் ஓடியது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குறைத்துக் குறைத்து விநியோகித்த காலத்திலும் நகரத்துக்கு ஒரு நாளைக்கு 50 கோடி லிட்டருக்கு மேல் தேவைப்பட்டது. வகுத்துப் பாருங்கள், அரை சதவீதம். ஏரி வறண்ட படத்தைப் போட்டு ‘நிலத்தடி நீர் தீர்ந்தது’ என்று யாராவது ஸ்லைடு காட்டினால் கையைத் தூக்கலாம்.

இப்போது எனக்கு இன்னும் பிடித்த கூற்று. “மழைநீர் சேகரிப்புச் சட்டத்தால் சென்னையின் நீர்மட்டம் உயர்ந்தது.” 2003இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அடுத்த சில வருடங்களில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது உண்மை, தண்ணீரின் தரம் தேறியதாகவும் சொன்னார்கள். இன்றைக்கும் வெளிமாநிலக் கூட்டங்களில் சென்னையை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். சட்டம் நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உயர்ந்தது அதனால்தானா, எத்தனை பங்கு அதனால் என்பது வேறு கேள்வி.

அந்தச் சமயத்தில் என்னவெல்லாம் நடந்தது பாருங்கள். 2003 கடும் வறட்சி. சட்டம் வந்ததே அதனால்தான். 2004இல் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வந்தது, ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் வரை. மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வந்தால் போர் மோட்டார் குறைவாக ஓடும், மட்டம் தானாக ஏறும். 2005இல் பெருமழை, வெள்ளம். இரண்டு மூன்று வருடத்துக்குள் மூன்று காரணமும் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்று இரண்டு எண்ணை மட்டும் காட்டினால் அந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர்ச் சட்டங்கள் எல்லாமே வறட்சியின் அடிமட்டத்தில்தான் பிறக்கின்றன. அதற்குப் பிறகு வரும் சாதாரண மழையே முன்னேற்றமாகத் தெரியும். சட்டம் போடாமல் கோயிலில் யாகம் நடத்தியிருந்தாலும் 2005இல் மட்டம் ஏறித்தான் இருக்கும். (2019 வறட்சியில் யாகம் நடத்தவும் செய்தார்கள், அது வேறு கதை.) இதே தர்க்கம் மறுபக்கமும் வெட்டும். 2019ஐக் காட்டி “பார்த்தீர்களா, மழைநீர் சேகரிப்பு தோற்றுவிட்டது” என்றார்கள். 2018இன் வடகிழக்குப் பருவமழை சென்னையில் மோசமாகப் பொய்த்தது. பெய்யாத மழையைச் சேகரிக்க முடியாது. இரண்டு தரப்புக்கும் ஒரே கேள்விதான்: “இந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் மட்டம் எங்கே இருந்திருக்கும் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”

அப்புறம் அந்த மீட்டர் கணக்கு. “மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தது” என்றால் எவ்வளவு தண்ணீர்? மண்ணைப் பொறுத்தது. மணலில் எடுக்கக்கூடிய நீர் தங்கும் இடம் நூற்றுக்கு 15 பங்கு அளவில் இருக்கும். களிமண் கலந்த வண்டலில் 5, 6தான். பாறையில் 2, 3 என்று இறங்கிவிடும். ஆகவே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஏற்றம் என்பது திருவான்மியூர் கடற்கரை மணலில் சுமார் 150 லிட்டர். களிமண் பகுதியில் சுமார் 50. கிண்டிப் பக்கம் பாறையில் 20, 30. நகரத்தின் எல்லாக் கிணறுகளின் ஏற்றத்தையும் கூட்டிச் சராசரி போட்டு ஒரு எண் சொன்னால், களிமண்ணிலும் பாறையிலும் கொஞ்சத் தண்ணீர் ஏறியதே பெரிய வெற்றியாகத் தெரியும். அதனால், “எத்தனை மீட்டர்?” என்று கேட்டுவிட்டு உட்காராதீர்கள். “எந்த மண்ணில், எந்த மாதத்தில் அளந்தது?” என்றும் கேளுங்கள். மே மாத அளவையும் ஜனவரி மாத அளவையும் ஒப்பிட்டு வெற்றி காட்டுகிற ஸ்லைடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வீட்டை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தாலும் கூற்றின் எல்லை தெரியும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி, அதாவது 93 சதுர மீட்டர். சென்னையின் சராசரி மழை வருடத்துக்கு 1400 மில்லிமீட்டர். விழுவது 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். ஆவியாவது, வழிவது போக 80 சதவீதம் பிடித்தால் சுமார் 1 லட்சம் லிட்டர். தலைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நாலு பேர் வீட்டுக்கு வருடத்துக்கு 2 லட்சம் லிட்டர் வேண்டும். தனி வீட்டுக்குப் பாதித் தேவை, பரவாயில்லையே! அதே மாடியின் கீழே மூன்று தளத்தில் மூன்று குடும்பம் இருந்தால் ஆறில் ஒரு பங்கு. அதிலும் குழியில் விட்ட தண்ணீர் உங்கள் கிணற்றுக்கே வரும் என்று உத்தரவாதம் இல்லை, பக்கத்துத் தெரு போர் இழுத்துக்கொள்ளலாம். முன்பு வெறும் மண்ணாக இருந்த இடத்தில் தானாகவே இறங்கிய மழையையும் இதில் கழிக்க வேண்டும். சட்டத்தின் பலன் என்பது அதற்கு மேல் கூடுதலாக இறங்கியது மட்டுமே.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு வேலை சொன்னேன், பேச்சாளர் செய்யாவிட்டால் அவர்களே செய்யலாம். கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத் தரவும், நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவும் வாங்குங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த மழையை ஒரு அச்சில் போடுங்கள். அதே வருடம் செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குள் கிணற்றில் மட்டம் எவ்வளவு ஏறியது என்பதை மறு அச்சில். 2003க்கு முந்தைய புள்ளிகளுக்கு ஒரு நிறம், பிந்தையவற்றுக்கு வேறு நிறம். ஒரே அளவு மழைக்குப் பிந்தைய புள்ளிகள் மேலே நின்றால் சட்டத்துக்குச் சாதகமான சான்று இருக்கிறது. இரண்டு நிறமும் கலந்து கிடந்தால் ஏற்றியது மழைதான். வெறும் மட்டத்தை விட்டு ஏற்றத்தை எடுப்பதற்குக் காரணம், வீராணம் வந்து மோட்டார் ஓய்ந்ததன் பாதிப்பு ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. அதற்கு இன்னொரு சோதனை: ஏற்றத்தை மண் வாரியாக லிட்டராக மாற்றிப் பாருங்கள். மழைக்குழியால் வந்ததென்றால் நீர் வேகமாக இறங்கும் மணல் பகுதியில் வித்தியாசம் அதிகமாகத் தெரிய வேண்டும். வீராணத்தால் என்றால், குழாய் நீர் எங்கே ஒழுங்காக வந்ததோ அங்கே தெரியும், அடியில் எந்த மண் இருந்தாலும் சரி.