‘இல்’ எல்லாம் ‘நி’ ஆகாது

“தமிழ் வேற்றுமை உருபை எடுத்துவிட்டு ஜப்பானிய உருபை வைத்தால் போதும், ‘இல்’ என்றால் ‘நி’.”

ஜப்பானியம் கற்பது பற்றிய உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார். இரு மொழிகளின் சொல் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் இது பாதி சரிதான். ஆனால் ‘தொழிற்சாலையில் இருக்கிறேன்’ என்பது ‘கோஜோ நி இமஸ்’. ‘தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்’ என்பதோ ‘கோஜோ தே ஹதராகிமஸ்’. தமிழில் ஒரே ‘இல்’ வரும் இவ்விரண்டில், முன்னது இருப்பைச் சொல்வதால் ‘நி’யையும், பின்னது அங்கே நடக்கும் செயலைச் சொல்வதால் ‘தே’யையும் பெறுகிறது. வேலை என்றாலே ‘தே’ என்று அதே உரையாடலில் இன்னொருவர் அவரைத் திருத்தியதும் முழுமையன்று. நிறுவனத்தில் பணியில் இருப்பதைக் குறிக்கும் ‘த்ஸுதொமெரு’ என்ற வினை ‘நி’யையே கேட்கும்: ‘கைஷா நி த்ஸுதொமெதே இமஸ்’. ஆகவே உருபை வினையோடு சேர்த்தே மனத்தில் பதிப்பது நல்லது.

நேர்காணலில் தம் மகன் ‘ஹதராகிமஸ்’ என்றதும் நேர்காணல் செய்தவர் ‘யார்?’ என்று கேட்டதாக அங்கே ஓர் அம்மா எழுதியிருந்தார். அது உருபின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. ‘செய்கிறேன்’ என்பதன் ‘ஏன்’ போல ஆளைக் காட்டும் விகுதி ஜப்பானிய வினையில் இல்லை. நான், அவர், அவர்கள் எல்லோருக்கும் அதே ‘ஹதராகிமஸ்’தான். அதற்கு முந்தைய வாக்கியத்தில் மகன் தம் அண்ணனைப் பற்றிப் பேசியிருந்தால், ‘நான்’ என்று பொருள்படும் ‘வதாஷி வா’ போன்ற ஒன்றைச் சொல்லாதபோது தம்மைக் குறிக்கிறார் என்பது தெளிவாகாமல் போகலாம். மகன் அப்படிப் பேசினாரா என்பதை அந்த அம்மாதான் சொல்ல வேண்டும்.