கயிறு எங்கே போனது?

ஃபோனில் எடுத்த வீடியோவை ஏஐ கொண்டு அனிமேவாகவோ ஓவியமாகவோ மாற்றிக் காட்டும் மாதிரி வீடியோக்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒருவர் நின்று சிரிப்பார், இல்லையென்றால் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார். யாரும் ஓடமாட்டார்கள், குதிக்கமாட்டார்கள். அக்கா மகள் ஸ்கிப்பிங் ஆடும் ஆறு விநாடி கிளிப்பைக் கையில் எடுக்கும்வரை இதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளிப் சாதாரணமானதுதான். சாயங்கால வெளிச்சம், மொட்டைமாடி, அவள் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று வேகத்தில் குதிக்கிறாள். கடைசியில் கயிறு இடது காலில் சிக்கித் தடுமாறிச் சிரிக்கிறாள். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதலில் எல்லோரும் செய்கிற தவறையே நானும் செய்தேன். டீநாய்ஸ் என்று ஒரு அளவு இருக்கிறதல்லவா, அதை மட்டும் வைத்து விளையாடினேன். அது என்ன செய்கிறது என்றால், நம் படத்தின் மேல் எவ்வளவு புள்ளிப்புள்ளியான இரைச்சலைத் தூவி, அதிலிருந்து படம் வரையும் ஏஐ மாடலைப் புதிதாக வரையச் சொல்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. 0.3 வைத்தால் அசைவு அப்படியே இருக்கும், ஆனால் பார்க்க ஃபோன் வீடியோவுக்கு ஃபில்டர் போட்டது மாதிரிதான் இருக்கும். 0.7 வைத்தால் படம் அழகான அனிமே, ஆனால் கை ஒரு ஃபிரேமில் மேலே, அடுத்ததில் கீழே, சட்டையின் பொத்தான் மூன்று, பிறகு ஐந்து. இடையில் 0.5 வைத்தால் இரண்டு கெடுதலும் பாதிப் பாதி கிடைக்கும். ஒரே திருகாணியில் தோற்றத்தையும் அசைவையும் கட்டிவைத்திருக்கும் வரைக்கும் இதற்கு விடிவு இல்லை.

வழி, இரண்டையும் பிரிப்பதுதான். தோற்றத்தை மாற்றும் வேலையை டீநாய்ஸிடம் தாராளமாக விட்டுவிட்டு, அசைவைப் பிடித்துவைக்கும் வேலையைக் கன்ட்ரோல்நெட்டிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் ஒரு கோட்டுப்படமோ, எது அருகே எது தூரம் என்று காட்டும் ஆழப்படமோ, எலும்புக்கூடு மாதிரியான உடல்நிலைப் படமோ எடுத்து, 'இந்த இடத்தில் இது இருக்க வேண்டும், வண்ணமும் பாணியும் உன் இஷ்டம்' என்று மாடலிடம் சொல்கிற ஏற்பாடு அது. கூடவே, ஃபிரேம்களைத் தனித்தனியாகப் போடாமல் பதினாறு பதினாறாக ஒன்றோடொன்று பார்த்து வரையவைக்கும் அனிமேட்டிஃப் என்கிற அசைவு மாடல். இந்தக் கூட்டணியில் டீநாய்ஸை 0.7 வரை ஏற்றியும் அவள் கை, கால், குதிக்கும் உயரம் எல்லாம் அசலோடு ஒட்டியே நின்றன.

சந்தோஷத்தில் முழுசாக ஓட்டிப் பார்த்தேன். பின்னல் துள்ளுகிறது, பாவாடை விரிகிறது, எல்லாம் சரி. கயிறு மட்டும் இல்லை. வெறுங்கையைச் சுழற்றிக்கொண்டு ஒரு பெண் குதிக்கிறாள். கடைசியில் எதுவுமே இல்லாத தரையில் தடுக்கி விழப் பார்க்கிறாள்!

மாடலை மாற்றினேன், அதற்கு எழுதித் தரும் பிராம்ப்டில் 'ஸ்கிப்பிங் கயிறு' என்று சேர்த்தேன். கயிறு வந்தது, ஆனால் ஒரு ஃபிரேமில் தலைக்கு மேலே, அடுத்ததில் இடுப்பில், அதற்கடுத்ததில் இரண்டு கயிறு. அப்போதுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மாடலுக்குப் போகும் கோட்டுப்படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றில் கயிறே இல்லை. ஆழப்படத்தில் அவ்வளவு மெல்லிய பொருள் பதியவில்லை. உடல்நிலைப் படம் மூட்டுகளை மட்டும்தான் அறியும், கயிறு என்ன, பாவாடைகூட அதற்குத் தெரியாது. மாடலின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன், அதற்குச் சேதியே போகவில்லை.

சரி, கோட்டுப்படத்தில் ஏன் இல்லை? அசல் ஃபிரேமை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால், அங்கேயும் கயிறு இல்லை, மங்கலான ஒரு விசிறிதான் இருக்கிறது. சின்னக் கணக்குதான். கயிற்றின் நடுப்பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மங்கிய வெளிச்சத்தில் ஃபோன் தானாக 1/50 விநாடி ஷட்டர் வைத்துக்கொண்டால், அந்த ஒரு ஃபிரேம் பதிவாகும் நேரத்தில் கயிறு சுமார் 25 செ.மீ. நகர்ந்துவிடும். விரல் தடிமன்கூட இல்லாத கயிறு ஒரு சாண் அகலத்துக்கு இழுபட்டுப் பின்னணியோடு கரைந்துவிடுகிறது. நம் கண் சுற்று முழுவதையும் பார்த்து 'கயிறு' என்று புரிந்துகொள்கிறது, கோடு எடுக்கும் நிரலுக்கு விளிம்பு தெரிந்தால்தான் கோடு. 1/500 ஷட்டரில் எடுத்திருந்தால் இழுப்பு இரண்டரை செ.மீ.தான். அதற்கு நல்ல வெயிலும், ஷட்டரைக் கையால் மாற்றவிடும் கேமரா செயலியும் வேண்டும். இதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையின் பாதி படம்பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது. அசல் வீடியோவுக்கு அழகு சேர்க்கும் அசைவு மங்கல், இங்கே முதல் எதிரி.

என் கிளிப் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மறுபடி ஆடச் சொல்லலாம், ஆனால் அந்தத் தடுமாற்றத்தை நடிக்கச் சொல்ல முடியாதே. அதனால் கோட்டுப்படங்களின் மேல் கயிற்றை நானே வெள்ளைக் கோடாக வரைந்தேன். ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

இங்கே எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அசல் அசைவு கெடக்கூடாது என்று பலர் விநாடிக்கு 30 ஃபிரேமையும் அப்படியே வைக்கிறார்கள், முடிந்த பிறகு இடைஃபிரேம்களை உருவாக்கி 60-க்கும் ஏற்றுகிறார்கள். கையால் வரையும் அனிமே அப்படி நகர்வதில்லை. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும், ஆனால் ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள், ஆக விநாடிக்கு 12 அல்லது 8 படங்கள்தான். வரைந்த முகம் 30 ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால், மனிதருக்கு முகமூடி மாட்டிய மாதிரி ஒரு உறுத்தல் வருகிறது. அசைவைக் காப்பது என்றால் நேரத்தைக் காப்பது. கால் எந்தக் கணத்தில் தரையைத் தொடுகிறதோ அந்தக் கணத்தில் தொட வேண்டும், நடுவில் எத்தனை படம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே ffmpeg என்கிற வீடியோ நிரலால் 12-க்கு இறக்கினேன்.

```
mkdir frames
ffmpeg -i clip.mp4 -vf "fps=12,scale=576:1024" -an frames/%04d.png
```

ஆறு விநாடிக்கு 72 படம். வரைந்துவிடலாம். `fps=12` என்று சொல்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஃபோன்கள் 30 என்று போட்டுக்கொண்டாலும் வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஃபிரேம் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும். என் கிளிப்பில் 180 இருக்க வேண்டிய இடத்தில் 176 ஃபிரேம்கள்தான் இருந்தன. முதல் தடவை அவற்றை அப்படியே பிரித்து 30 என்று கோத்தேன், கயிறு தரையில் அடிக்கும் சத்தம் போகப் போகப் பின்தங்கி, கடைசியில் 0.13 விநாடி விலகிவிட்டது. சொன்னால் சிறியது, பார்த்தால் டப்பிங் படம். மேலே உள்ள கட்டளை ஃபிரேம்களை எண்ணிக்கையைப் பார்த்து எடுக்காமல் நேரத்தைப் பார்த்து எடுப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

12-க்கு இறக்கியதில் ஒரு புதுச் சிக்கலும் வந்தது. விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆறே படங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் கயிறு 60 பாகை தாவுகிறது. கயிறு காலுக்கடியில் போகும் அந்தப் படம் சில குதிப்புகளில் விடுபட்டுப்போனது. அது இல்லாவிட்டால் அவள் கயிற்றைத் தாண்டிய மாதிரியே தெரியாது. அந்த இடங்களில் மட்டும் அசலிலிருந்து ஒரு ஃபிரேம் முன்போ பின்போ உள்ளதை எடுத்து மாற்றி வைத்தேன். 1/30 விநாடிப் பொய், யாருக்கும் தெரியாது.

முகம் தனிக்கதை. கோட்டுப்படத்தின் வலிமையை 1 என்று வைத்தபோது, சிரிக்கும்போது கன்னத்தில் விழும் மடிப்பெல்லாம் கறுப்புக் கோடாகி, ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பாட்டி முகம் வந்துவிட்டது. மாடிச் சுவரின் கறைகூட அக்கறையாக வரையப்பட்டிருந்தது. 0.6-க்குக் குறைத்து, ஆழப்படத்தை 0.4-ல் துணைக்கு வைத்தபோது மடிப்புகள் போயின, கண்ணும் அனிமே அளவுக்கு விரிந்தது. ஆனால் நான் வரைந்த கயிறும் அதோடு மெலிந்துபோனது. கயிற்றை இன்னும் தடிமனாகத் திரும்ப வரைந்தேன், 72 படங்களிலும். அன்று இரவு யாரிடமும் பேசும் மனநிலையில் நான் இல்லை.

ஓவியத் தோற்றத்துக்கும் முயன்றேன், எண்ணெய் வண்ணம் மாதிரி. அதில் வரும் கோளாறு வேறு. ஃபிரேமுக்கு ஃபிரேம் படம் மாறுவதால் வரும் மினுமினுப்பைக் குறைக்க எல்லா ஃபிரேமுக்கும் ஒரே இரைச்சலைக் கொடுத்தேன். தூரிகைத் தீற்றல்கள் திரையிலேயே ஒட்டிக்கொண்டன, பெண் அவற்றின் பின்னால் நகர்ந்தாள். பெயின்ட் பூசிய கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிற மாதிரி. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அவளைப் பார்க்காமல் பின்னணிக்கு முன்னால் அவள் தோள் கடக்கும் இடத்தில் ஒரு தீற்றலை மட்டும் கவனிப்பது. தோளோடு போனால் நல்லது, நின்ற இடத்திலேயே நின்றால் கண்ணாடி. ஓவியத்துக்கு என்னைக் கேட்டால் கொஞ்சம் மினுமினுப்பே மேல், ஒவ்வொரு ஃபிரேமையும் யாரோ புதிதாகத் தீட்டியதுபோல் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அனிமேயில் அந்த நியாயம் செல்லாது.

இப்போது வந்திருக்கும் வீடியோ மாடல்கள் இந்த மினுமினுப்பைப் பெருமளவு குறைத்துவிட்டன என்பது உண்மை. ஒரு கட்டுப்பாட்டு வீடியோவும், பாணி காட்ட ஒரு படமும் கொடுத்தால் போதும், வான் 2.1 என்கிற வீடியோ மாடல் குடும்பத்தின் வேஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. கயிறில்லாத கோட்டு வீடியோவை அதற்கும் கொடுத்துப் பார்த்தேன். மிக நேர்த்தியாக, ஒரு துளி மினுமினுப்பில்லாமல், வெறுங்கையோடு குதித்தாள்.

கடைசி வடிவத்தை அசலின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துச் சரிபார்த்தேன். பதினொரு குதிப்பு, பதினொன்றிலும் கால் தொடும் ஃபிரேம் பொருந்தியது. பெருமையாக அக்கா மகளிடம் காட்டினேன். ஒரு தடவை பார்த்தாள், மறுபடி ஓட்டச் சொன்னாள், விரலை வைத்து நிறுத்தினாள்.

"மாமா, இங்க கயிறு என் பின்னலுக்கு முன்னாடி போகுது. பின்னாடிதானே போகணும்?"

நாற்பத்தோராவது படம். தூக்கக் கலக்கத்தில் பின்னலுக்கு மேலேயே கோட்டை இழுத்திருக்கிறேன்.