73 டிகிரில வெளிய எடுத்த கறிக்கு நான் பொறுப்பு இல்ல

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு விருந்துல நடந்தது இங்க பாதி பேருக்கு தெரியும், மீதி பேருக்கு இதுக்குள்ள யாராவது சொல்லியிருப்பாங்க. ரெண்டு நாளா பேசாம இருந்தேன். ஆனா "ஓவன்ல வெச்சா கறி ரப்பர் மாதிரிதான் வரும், அவளுக்கு இன்னா தெரியும்"னு காட்பாடி வரைக்கும் பேச்சு போயிருக்குன்னு கேட்டப்புறம் எழுதாம இருக்க முடியல.

ஆட்டோட முன்னந்தொடை, சப்பை எலும்போட, வெட்டாம முழுசா, 2 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் உப்பு கணக்குல முந்தின நாள் ராத்திரியே தடவி, இஞ்சி பூண்டு மிளகு போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டேன். காலைல 7 மணிக்கு ஓவன் 130 டிகிரில உள்ள போச்சு. சாப்பாடு ரெண்டு மணிக்கு மேலதான்னு எல்லாருக்கும் முன்னாடியே சொல்லியாச்சு. 12 மணி வாக்குல நான் மாடிக்கு போயிருந்த நேரத்துல எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா ஓவனை திறந்து, தெர்மாமீட்டர்ல 73 காட்டறத பாத்துட்டு, "போன்ல போட்டு பாத்தேன், 63 வந்தாலே போதும்னு இருக்கு, இது பத்து டிகிரி தாண்டிடுச்சு"ன்னு எடுத்து வெட்ட ஆரம்பிச்சிட்டாரு. நான் கீழ வர்றதுக்குள்ள தட்டுல விழுந்தாச்சு.

அந்த 63 பொய் இல்ல. முழு துண்டு கறி உள்ள 63 டிகிரிக்கு வந்து மூணு நிமிஷம் இருந்தா சாப்பிடறதுக்கு பயம் இல்லன்னு அர்த்தம். அவ்ளோதான் அந்த நம்பர். கறி மெத்துனு ஆயிடும்னு அது எங்கயும் சொல்லல. வெந்தது வேற, பல்லுக்கு பதமா ஆனது வேற. இத நான் எத்தினி தடவ வேணா சொல்றேன்.

ஆடு நாள் முழுக்க நடக்கறப்ப முன்னங்காலு மேலதான் பாரம் அதிகம். அதனால அந்த கறிக்குள்ள நாரும் சவ்வும் நிறைய. இதுல பெரும்பாலும் கொலாஜன். 60 டிகிரிய தொட்டதும் இது கரையாது, சுருங்கும். சுருங்கி கறிய இறுக்கி உள்ள இருக்கற சாற வெளிய தள்ளும். அதனால 65ல இருந்து 75 வரைக்கும் முன்னந்தொடை இருக்கறதுலயே மோசமான நிலைமைல இருக்கும், சாறும் போயிருக்கும், நாரும் கரைஞ்சிருக்காது. 70க்கு மேல போகப்போக கொலாஜன் மெதுவா ஜெலாட்டினா கரைய ஆரம்பிக்கும், 85, 90ன்னு ஏற ஏற வேகமா கரையும். 90க்கும் 95க்கும் நடுவுல எங்கயோதான் கத்தி இல்லாம விரலாலயே பிச்சிக்கலாம்ங்கற பதம் வரும். சித்தப்பா எடுத்தது 73ல. அதாவது இருக்கறதுலயே கெட்ட நேரத்துல.

"ரொம்ப நேரமா 70லயே நிக்குது, ஓவன் கெட்டுப்போச்சு போல"ன்னு ஒருத்தர் சொன்னாராம். கெட்டுப்போகல. கறி மேல இருக்கற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கினு போயிடும், அதனால முள்ளு அங்கயே நிக்கும், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேலயும் நிக்கும். அப்பதான் அலுமினிய பேப்பர்ல காத்து போகாம இறுக்கி சுத்திடணும், ஆவி வெளிய போகலன்னா திரும்ப ஏற ஆரம்பிச்சிடும். நம்ம வெள்ளாட்டுல கொழுப்பு கம்மி, அதனால இந்த சுத்தறது இன்னும் முக்கியம். நான் மாடிக்கு போனதே அந்த பேப்பர் ரோல் எடுக்கத்தான்!

சரி, ஓவனை 200ல வெச்சு சீக்கிரமா 93க்கு கொண்டுவந்தா ஆகாதான்னு கேப்பாங்க. ஆகாது. நம்பர் மட்டும் வந்தா பத்தாது, கரையறதுக்கு நேரமும் வேணும். அவ்ளோ சூட்டுல மேல் கறி காஞ்சு கருகிடும், எலும்பு ஒட்டின இடத்துல நாரு அப்டியே இருக்கும்.

அப்பால அந்த "குக்கர்ல ஆறு விசில் விட்டா முடிஞ்சுது". ஒத்துக்கறேன், முடிஞ்சுடும். குக்கருக்குள்ள தண்ணி கிட்டத்தட்ட 120 டிகிரி வரைக்கும் போகும், அதே கரையற வேலைதான் அரை மணி நேரத்துல நடக்குது. குழம்புக்கு நானும் அதத்தான் பண்றேன். ஆனா முழு முன்னந்தொடை எந்த குக்கர்ல போகும்? மேல் தோல் எப்டி முறுகும்? அது வேற சாப்பாடு, இது வேற சாப்பாடு.

"ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் தெர்மாமீட்டர் வெச்சா தம் போடறாரு?"ன்னு கேட்டவருக்கு: இல்ல, வைக்கல. அவரு அண்டாவ தொட்டு, ஆவி வாசனைய வெச்சு சொல்லிடுவாரு, அந்த கை எனக்கு இல்ல, உங்களுக்கும் இல்ல. அதனாலதான் கம்பிய கறில தடிப்பான இடத்துல, எலும்புல படாம குத்தி வைக்கறேன், எலும்புல பட்டா நம்பர் தப்பா காட்டும். அதுக்கு அப்பறமும் நம்பர மட்டும் நம்பறது இல்ல. கம்பி எதிர்ப்பே இல்லாம உள்ள போகணும், சப்பை எலும்ப பிடிச்சு ஆட்டினா கழண்டு வரணும். அதுதான் பதம்.

எனக்கு ரொம்ப வலிக்கறது இன்னான்னா, இது நம்ம ஊருக்கு புதுசும் இல்ல. எங்க பாட்டி குடியாத்தத்துல ராத்திரி அடுப்பு தணல்ல ஆட்டுக்கால் பாயா ஏத்தி வெச்சிட்டு படுத்துடுவாங்க, விடிகாலைல இடியாப்பத்தோட ஊத்தினா உதடு ஒட்டும். அந்த ஒட்டறதுதான் கரைஞ்ச கொலாஜன். பாயாவ நடுராத்திரி எறக்கி "வெந்துடுச்சு"ன்னு யாரும் ஊத்தினது இல்ல. பாட்டி அடுப்புக்கு கொடுத்த பொறுமைய என் ஓவனுக்கு கொடுக்க யாருக்கும் மனசு வரல. காலைல இருந்து நின்னவ நானு, கெட்ட பேரும் எனக்கு. அவரு பெரியவரு, பசில பண்ணாரு, சரி. ஆனா "தெரியாம எடுத்துட்டேன்"னு ஒரு வார்த்தை அந்த பந்தில சொல்லியிருக்கலாம் இல்ல?

இன்னொன்னு, இத யாரும் காட்பாடில போய் சொல்லியிருக்க மாட்டாங்க. மேல் பக்கம் மட்டும்தான் வெட்டினாங்க, எலும்போட பாதிக்கு மேல மீதி இருந்துது. எல்லாரும் கை கழுவிட்டு உக்காந்ததும் அத அரை டம்ளர் தண்ணி விட்டு, பேப்பர்ல இறுக்கி சுத்தி, அதே 130ல திரும்ப உள்ள வெச்சேன். நாலரை மணிக்கு 93. எடுத்து அரை மணி நேரம் பேப்பர பிரிக்காம விட்டேன், பிரிச்சப்ப சப்பை எலும்பு சுத்தமா தனியா கழண்டு வந்துது. அதே ஆடு, அதே உப்பு, அதே ஓவன், அதே நானு. சாயங்காலம் பசங்க பரோட்டாவோட உக்காந்து காலி பண்ணாங்க. சித்தப்பாவும் ரெண்டு தடவ வாங்கினாரு.

அடுத்த தடவ ரெண்டு மணின்னா ரெண்டு மணி. பசிச்சா குஸ்காவும் எண்ணெய் கத்திரிக்காயும் முன்னாடியே போட்டுடறேன், தாராளமா சாப்பிடுங்க. சப்பை எலும்பு ஆடறதுக்கு முன்னாடி ஓவன் கதவ மட்டும் தொடாதீங்க.