ஆம்பியரைக் கூட்டினால் கடைசி விளக்கு பிரகாசிக்காது, ஐயா!

பண்டிகைக் காலம் நெருங்கினால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் ஒரே புலம்பலுடன் என்னிடம் வந்துவிடுகிறார்கள். "கூரை விளிம்பு முழுக்க எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினேன். ஆரம்பம் பளிச்சென்று இருக்கிறது, கடைசிப் பகுதி அழுது வடிகிறது. கடைக்காரர் இன்னும் பெரிய பவர் சப்ளை போடச் சொல்கிறார்." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை இது.

பவர் சப்ளையின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் என்பது அதனால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதுதான். 15 ஆம்பியரை எடுத்துவிட்டு 30 ஆம்பியரை வைத்தாலும் அதன் முனையில் இருக்கப்போவது அதே 12 வோல்ட். அந்த 12 வோல்ட் கடைசி விளக்கு வரை போய்ச் சேருகிறதா என்பதை இடையில் இருக்கும் தாமிரம்தான் முடிவு செய்கிறது. ஒயரை மாற்ற மாட்டார்களாம், ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தை மாற்ற மாட்டார்களாம், பெட்டியை மட்டும் மாற்றுவார்களாம்!

போன முறை வந்தவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் வெள்ளை ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட். 5 மீட்டர் சுருள்கள் இரண்டை ஒன்றன் வாலில் ஒன்றாக இணைத்து 10 மீட்டர் ஆக்கியிருக்கிறார். மொத்தம் 144 வாட், அதாவது 12 ஆம்பியர். சப்ளையை எப்போதும் அதன் திறனில் 80 சதவீதத்துக்குள் ஓட்டுவது நல்லது. 144-ஐ 0.8-ஆல் வகுத்தால் 180 வாட், அதாவது 15 ஆம்பியர். அவர் வைத்திருந்ததும் சரியாக அதுதான். சப்ளையின் அளவில் எந்தக் குற்றமும் இல்லை. மேற்கொண்டு செலவழித்து எதைச் சாதிக்கப் போகிறார்?

குற்றம் இருந்தது ஒயரில். சப்ளை ஓர் அறைக்குள், ஸ்ட்ரிப்பின் தொடக்கம் 6 மீட்டர் தள்ளி, இடையில் 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயர். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். ஆகவே கணக்கில் 12 மீட்டர் தாமிரம். இதை மட்டும் ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்! ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்கு 0.0175 ஓம் மின்தடை என்று வைத்தால், இந்த 0.75 ஒயரில் 12 மீட்டருக்கு 0.28 ஓம். 12 ஆம்பியர் ஓடினால் 3.36 வோல்ட் வழியிலேயே காலி. ஸ்ட்ரிப்பின் முதல் விளக்கைத் தொடுவதற்கு முன்பே கால்பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த ஒயர் சூடாவதைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் இழப்பு சுமார் 1 வோல்ட்டோடு நின்றிருக்கும்.

அடுத்தது ஸ்ட்ரிப்பின் உள்ளேயே நடக்கும் திருட்டு. அதிலுள்ள தாமிரப் பட்டை தாள் போல மெல்லியது. 5 மீட்டரை ஒரு முனையிலிருந்து முழு வெளிச்சத்தில் ஓட்டினாலே கடைசியில் 2 வோல்ட் போல இறங்குவது சாதாரணம். வெள்ளை எல்இடிகள் மூன்று மூன்றாகத் தொடராக இருக்கும். அவற்றுக்கே 9 வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். மீதி 3 வோல்ட் போலத்தான் அருகில் இருக்கும் சிறிய மின்தடைக்கு. அந்த மூன்றில் இரண்டு போனால் வெளிச்சம் என்ன ஆகும்? வண்ண ஸ்ட்ரிப்பாக இருந்தால் குட்டு இன்னும் சீக்கிரம் வெளிப்படும். சிவப்புக்குக் குறைந்த வோல்ட் போதும், நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துவிடும். வெள்ளை நிறம் வைத்தால் கடைசிப் பகுதி சிவந்து தெரியும்.

நீளத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பும் இரட்டிப்புதானே என்பார்கள். இல்லை! தாமிரமும் இரண்டு மடங்கு, அதில் ஓட வேண்டிய மின்னோட்டமும் இரண்டு மடங்கு. காகிதக் கணக்கில் நான்கு மடங்கு, 8 வோல்ட். உண்மையில் அவ்வளவு இறங்காது, ஏனென்றால் பாதி விளக்குகள் மங்கி, மின்னோட்டமே குறைந்துவிடுகிறது. இங்கேதான் அடுத்த ஏமாற்று. சிலர் மின்னோட்டத்தை அளந்து பார்த்து, "7 ஆம்பியர்தானே எடுக்கிறது, 8 ஆம்பியர் சப்ளை போதும்" என்று முடிவுகட்டுகிறார்கள். பட்டினி கிடக்கும் ஸ்ட்ரிப் குறைவாகத்தான் எடுக்கும். ஒயரைச் சரிசெய்த அன்றே அது முழுப் பசியோடு 12 ஆம்பியர் கேட்கும். சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அணையும். அப்போது "ஒயரை மாற்றியதால் கெட்டுவிட்டது" என்று பழி என் மேல் விழும்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. மல்டிமீட்டரை எடுத்து, எல்லா விளக்கையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, மூன்று இடத்தில் அளந்தால் போதும்: சப்ளையின் முனை, ஸ்ட்ரிப்பின் தொடக்கம், ஸ்ட்ரிப்பின் கடைசி. முதல் இரண்டுக்கும் இடையே விழுந்தால் ஒயரின் குற்றம். அடுத்த இரண்டுக்கும் இடையே என்றால் ஸ்ட்ரிப்பின் குற்றம், இடையில் கவ்வும் கிளிப் இணைப்பு இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. சப்ளையின் முனையிலேயே 12 இல்லை என்றால் மட்டும் சப்ளையைத் திட்டுங்கள். ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் அளந்து "12 வருகிறதே" என்று வாதாடுபவர்களிடம் நான் பேசுவதை விட்டுவிட்டேன். மின்னோட்டம் ஓடாதபோது இழப்பு எங்கிருந்து வரும்?

அவருக்கு நான் சொன்னது இது. 10 மீட்டரின் நடுவில் மின்சாரம் கொடுங்கள். இரு பக்கமும் 5 மீட்டர், ஆகவே ஸ்ட்ரிப்பின் இழப்பு நான்கில் ஒன்றாகிவிடும். இரு முனைகளிலும் கொடுத்தாலும் இதே பலன்தான், ஆனால் ஒயர் கூடுதலாகும். அதற்கும் மனம் நிறையவில்லை என்றால் நடுவிலும் இரு முனைகளிலும் கொடுக்கலாம். அப்போது ஸ்ட்ரிப்பில் இழப்பு அரை வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் 6 ஆம்பியர், முனைகளில் தலா 3 ஆம்பியர் போகும். சப்ளையை மழை படாத இடமாகப் பார்த்து நடுவுக்கு அருகில் கொண்டுவந்தால் ஒயரும் குறையும்.

இன்னும் ஸ்ட்ரிப்பே வாங்கவில்லை என்றால் 24 வோல்ட் வாங்கித் தொலையுங்கள். அதே 144 வாட்டுக்கு 6 ஆம்பியர் போதும். வோல்ட் இழப்பு பாதி, அதுவும் இரட்டிப்பு வோல்ட்டிலிருந்து போகும் பாதி. நடுவில் ஒரே இடத்தில் கொடுத்தாலே போதும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சிலர் சப்ளையில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி வோல்ட்டை 14 வரை ஏற்றுகிறார்கள். கடைசி விளக்கு கொஞ்சம் தெம்பாகும், முதல் மீட்டர் வெந்து கருகும்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு 30 ஆம்பியர் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், தயவுசெய்து ஒவ்வொரு ஒயருக்கும் சப்ளை பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். 3 ஆம்பியர் போகும் ஒயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ். 6 ஆம்பியர் போகும் ஒயருக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஒயர் ஃபியூஸின் அளவைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஈரம் பட்டு ஸ்ட்ரிப்பில் கோளாறு வந்தால், 30 ஆம்பியர் பெட்டி அதைக் கோளாறாகவே கருதாது. அந்த மெல்லிய ஒயர் வழியாக 20 ஆம்பியரைச் சளைக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.