குரூப்பில் சுற்றுகிற கடிதம் நான் எழுதியதுதான்

ஆமாம், நான்தான். "மகள் இடைவேளையில் கிரீம் பூசிக்கொள்ள அனுமதி தரவும்" என்ற வரியைப் படமெடுத்துப் போட்டு, "அடுத்தது ஃபேஷியலா?" என்று கேட்டுச் சிரித்தீர்களே, அதே கடிதம். மிஸ்ஸிடம் கொடுத்த தாள் பெற்றோர் குரூப்புக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

மகளுக்குக் கரப்பன். கைக்குழந்தையிலிருந்தே இருக்கிறது. இந்தத் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. உள்ளே இருக்கிற ஈரம் போய்க்கொண்டே இருக்கும், வெளியே இருக்கிற வியர்வையும் புழுதியும் உள்ளே போய் எரியும். மொய்ஸ்சரைசர் அந்த ஓட்டைகளை அடைக்கிற சாந்து மாதிரி. முகம் கழுவினால் போய்விடும், வியர்த்துத் துடைத்தால் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அழகு எங்கே வந்தது இதில்?

"வீட்டிலேயே பூசி அனுப்பலாமே?" என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். அனுப்புகிறேன் அக்கா. காலை ஆறு பத்துக்குப் பூசுகிறேன், ஆறரைக்கு வேன். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரும்போதே கழுத்து நனைந்திருக்கும். பீ.டி. பாடம் பதினொரு மணிக்கு. ஐந்து மணித்தியாலம் ஆகிறது. மொய்ஸ்சரைசருக்கு மேல் சன்ஸ்கிரீனும் பூசுகிறோம், வெளியில் நிற்கும்போது அதை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்று அந்த டியூபிலேயே எழுதியிருக்கிறது. இப்போது விளையாட்டுப் போட்டிக்கு மார்ச் பாஸ்ட் பழக்கம் வேறு. மைதானத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது.

"எங்கள் நிறத்துக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?" சரி, இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கறுத்த தோலுக்கு இயற்கையாகவே ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் கரப்பன் ஆறின இடத்தில் நிறம் போய் வெளிறிய திட்டு விழும். அந்தத் திட்டில் அந்தப் பாதுகாப்பு குறைவு. சுற்றியுள்ள தோல் கறுக்கக் கறுக்க அது இன்னும் பளிச்சென்று தெரியும். அதைவிட முக்கியம், முகத்துக்கு இரவில் டாக்ரோலிமஸ் என்ற களிம்பு போடுகிறோம். அது போடும் நாட்களில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கொழும்பில், பூமத்திய ரேகைக்கு ஏழே பாகை தள்ளி, பகல் பதினொரு மணிக்கு மைதானத்தில் நிற்கிற பிள்ளைக்கு வெயில் படாமல் எப்படி? தொப்பியும் போட விடமாட்டீர்களே.

"ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் கொண்டுவருவார்கள்." கொண்டு வரட்டுமே. இல்லை, சும்மா சொன்னேன். வாசனை இல்லாத சின்ன டியூப், பெயர் ஒட்டியிருக்கும், யாருக்கும் கொடுக்க மாட்டாள் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தேன். மிஸ்ஸுக்கும் வேலை இல்லை. அவளே குழாயடியில் வியர்வையைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, முதலில் மொய்ஸ்சரைசர் போடுவாள். பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன். பொட்டு வைப்பதுபோலத் தொட்டுக்கொண்டால் பலன் இல்லை. சிலது எரியும் என்பதால் ஸிங்க் ஒக்ஸைட் உள்ளதைத்தான் வாங்குகிறோம். அது முகத்தில் வெள்ளையாகத் தெரியும். உங்களுக்குச் சிரிப்பு வந்தது அதைப் பார்த்துத்தானோ என்னவோ.

ஒன்று கேட்கிறேன். போன வருஷக் கலைவிழாவுக்கு அதே வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து பவுடரும் லிப்ஸ்டிக்கும் அப்பியது யார்? அன்று இரவு என் பிள்ளையின் கன்னம் வெடித்துத் தண்ணீர் கசிந்தது. தலையணை உறை ஒட்டிக்கொண்டதைச் சுடுநீர் விட்டு மெதுவாகப் பிரித்தேன். அப்போது யாரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. கலைவிழா ஆயிற்றே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "வெள்ளையாக்கவா பூசுகிறீர்கள்?" என்று கேட்டவரின் ஸ்டேட்டஸில் போன வாரம் என்ன விளம்பரம் இருந்தது? ஏழு நாளில் நிறம் மாற்றும் கிரீம். அந்த மாதிரி டப்பாக்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறதென்று எத்தனை தடவை எச்சரித்திருக்கிறார்கள். அதை விற்கலாம், என் பிள்ளை புண்ணுக்குப் பூசக் கூடாது.

எங்கள் காலத்தில் தேங்காய் எண்ணெயோடு வளர்ந்தோம் என்கிறீர்கள். நானும்தான். என் தங்கைக்கும் இதே கரப்பன்தான். மேசைக்குக் கீழே ஸ்கேலால் சொறிந்து, வெள்ளைச் சட்டைக் கையில் ரத்தம் படிந்து, பக்கத்தில் யாரும் உட்காராமல் வளர்ந்தாள். வளர்ந்தாள்தான்.

திங்கட்கிழமை இரண்டாவது கடிதம் கொடுக்கிறேன். இந்த முறை கிரீம் என்ற சொல்லே இல்லை, "வெளிப்பூச்சு மருந்து" என்று எழுதியிருக்கிறேன். படமெடுத்துப் போடுகிறவர்கள் தயவுசெய்து முழுத்தாளையும் எடுங்கள். போன தடவை கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தது. டாக்டரின் துண்டு இணைக்கப்பட்டுள்ளது என்று அதில்தான் எழுதியிருந்தேன்.